மூன்று கியூப் என்று எழுதச் சொன்னால்

"கிளிநொச்சியில் ஒரு தொண்டு நிறுவனத்தில் கொள்வனவு உத்தியோகத்தராக இருக்கிறேன். விசுவமடுவில் நாங்கள் கட்டும் முன்பள்ளிக்கும் சுற்றுமதிலுக்கும் மணல், சல்லி, சீமெந்து எல்லாம் ஒரே முதலாளிதான் தருகிறார். பொங்கலுக்கு வீட்டுக்கு அரிசி மூட்டை அனுப்பினார். தங்கச்சியின் சாமத்திய வீட்டுக்கு வந்து மோதிரம் போட்டார். இப்போது டிப்பரில் மணல் குறைவாக வருகிறது. முகாமையாளரிடம் சொன்னேன். 'அவர் எங்களுக்கு எவ்வளவு உதவி செய்த மனிசன், பிள்ளை. கண்டும் காணாமல் விடுங்கள்' என்றார். எட்டு லோடுக்குத் தலா மூன்று கியூப் என்று ஏற்கெனவே கையொப்பமிட்டுவிட்டேன். இந்த வேலையை நம்பித்தான் வீடு இருக்கிறது. என்ன செய்வது?"

மோதிரத்தைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு மணலை முதலில் பார்ப்போம். உங்களை உறுத்துவது மோதிரம்தான் என்று தெரிகிறது. ஆனால் நாளைக்குக் கணக்காய்வாளர் வந்து உட்கார்ந்தால் அவர் கையில் எடுப்பது பொருளைப் பெற்றுக்கொண்டதற்கு நீங்கள் கையொப்பமிட்ட ஜி.ஆர்.என். சீட்டைத்தான். மோதிரம் எதற்காக வந்தது என்பதைச் சொல்வதும் அந்தச் சீட்டுத்தான்.

மூன்று கியூப் என்பது முந்நூறு கன அடி. டிப்பரின் பெட்டிக்குள் நீளமும் அகலமும் அளந்து வையுங்கள். வெளிப்பக்கம் அளந்தால் தகட்டின் தடிப்பும் சட்டமும் சேர்ந்துவிடும், உள்ளேதான் அளக்க வேண்டும். உள்ளே பதின்மூன்று அடி நீளம், ஏழு அடி அகலம் என்று வைத்துக்கொள்வோம். அடிப்பரப்பு 91 சதுர அடி. முந்நூறு கன அடி வேண்டுமானால் மணல் மூன்று அடி நான்கு அங்குலத்துக்குச் சற்றுக் குறைவான உயரம் நிற்க வேண்டும். இரண்டு அடி ஒன்பது அங்குலம்தான் நிற்கிறது என்றால் வந்தது 250 கன அடி, அதாவது இரண்டரைக் கியூப். ஏழு அங்குலக் குறைவு வீதியில் நின்று பார்ப்பவருக்குத் தெரியவே தெரியாது, ஏனென்றால் நடுவில் குவித்து ஓரங்களைத் தாழ்த்தியிருப்பார்கள். குவியலின் உச்சி பலகைக்கு மேலே நிற்கும், டிப்பர் நிறைந்து வழிவது போலத் தோன்றும்.

அதனால் கொட்டுவதற்கு முன்பு பெட்டியிலேயே மண்வெட்டியால் மட்டம் செய்யச் சொல்லுங்கள். பிறகு ஒரு கம்பியைத் தரைத்தகடு தட்டுப்படும்வரை இறக்கி, நான்கு மூலையிலும் நடுவிலும் ஆழம் பாருங்கள். ஐந்தையும் கூட்டி ஐந்தால் வகுங்கள். கால் மணிநேர வேலை. கொட்டிய பிறகு அளப்பது சண்டைக்குத்தான் உதவும், ஏனென்றால் பழைய குவியலோடு புதியது கலந்துவிடும்.

சாரதி சொல்லும் காரணங்களைப் பொய் என்று தள்ளிவிடவும் வேண்டாம். குன்றும் குழியுமான பாதையில் வரும் மணல் உண்மையாகவே ஓர் அங்குலம், இரண்டு அங்குலம் இறுகும். மழையும் ஒரு காரணம். ஈரம் மட்டும் உள்ள மணல் ஊதி நிற்கும், மணிகளைச் சுற்றியுள்ள மெல்லிய நீர்ப்படலம் அவற்றை ஒன்றோடொன்று நெருங்கவிடாது. அதே மணல் வழியில் மழையில் தெப்பமாக நனைந்தால் சுருங்கி, கிட்டத்தட்ட உலர்மணலின் அளவுக்கே வந்துவிடும். ஏற்றும்போது மூன்று கியூபாக இருந்தது இறக்கும்போது குறைந்து நிற்கக்கூடும். ஒரு மாரிநாள் லோடை வைத்து யாரையும் கள்ளன் என்று சொல்லாதீர்கள். நல்ல வெயில் நாளிலும், ஒவ்வொரு லோடிலும், ஏறக்குறைய அதே ஏழு அங்குலம் குறைந்தால் அதற்குப் பாதையும் மழையும் காரணமல்ல.

இன்னொரு சாட்சியும் டிப்பரிலேயே வருகிறது. மணலை ஏற்றிச் செல்லப் புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகத்தின் போக்குவரத்து அனுமதிப்பத்திரம் வேண்டும். அதை வாங்கி, அதிலுள்ள வாகன இலக்கத்தையும் அளவையும் டிப்பரோடும் பற்றுச்சீட்டோடும் ஒப்பிடுங்கள். பத்திரமே இல்லாத லோட் என்றால் உங்கள் பிரச்சினை அரைக் கியூபைவிடப் பெரியது. அந்த மணலை உங்கள் நிறுவனம் வாங்கவே கூடாது.

இப்போது கணக்கைப் பாருங்கள். மொத்தம் இருபது லோட் வரவேண்டும், ஒரு கியூப் இருபதினாயிரம் ரூபா என்று வையுங்கள். லோடுக்கு அரைக் கியூப் குறைந்தால் பத்துக் கியூப், இரண்டு இலட்சம் ரூபா. சல்லியிலும் சீமெந்திலும் என்ன நடக்கிறது என்பது வேறு. அந்த இரண்டு இலட்சத்திலிருந்துதான் அரிசி மூட்டையும் மோதிரமும் வந்தன. முதலாளி தன் பணத்தில் உங்களுக்கு எதுவும் தரவில்லை. முன்பள்ளியின் பணத்தில் ஒரு சிறு பங்கைத்தான் உங்கள் வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்.

உங்கள் முகாமையாளரைப் பற்றி: அவர் காசு வாங்குகிறார் என்று உங்களுக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. வன்னியில் இது பெரும்பாலும் வேறு வழியாக ஆரம்பிப்பதைத்தான் பார்த்திருக்கிறேன். கொடையாளரின் தவணைப்பணம் பிந்தும். ஒக்டோபரில் மழை பிடித்துவிட்டால் உள்வீதிகளில் டிப்பர் புதையும், ஆற்றில் தண்ணீர் வந்தால் மணல் எடுக்க முடியாது. டிசம்பருக்குள் திட்டத்தை முடித்து அறிக்கை அனுப்ப வேண்டும். அந்த நேரத்தில் ஒரு முதலாளி, "காசு பிறகு பார்ப்போம், நீங்கள் வேலையைச் செய்யுங்கள்" என்று பொருளை இறக்கித் தருவார். அவர் இல்லாவிட்டால் திட்டம் நின்றிருக்கும், முகாமையாளரின் பெயர் கெட்டிருக்கும். அந்தக் கடன் எந்தக் கடிதத்திலும் இல்லை. எழுதப்படாத கடனை முதலாளி எழுதப்படாத வழியில், லோடுக்கு அரைக் கியூபாகத் திருப்பி எடுக்கிறார். முகாமையாளரின் மனதில் அது களவாகவே தோன்றாமல் இருக்கலாம். நன்றிக்கடன் என்றுதான் நினைப்பார்.

இதைச் சொல்வது அவரை நியாயப்படுத்த அல்ல, அவரிடம் எப்படிப் பேசுவது என்பதற்காக. "நீங்கள் முதலாளியோடு சேர்ந்திருக்கிறீர்கள்" என்று போனால் கதவு அடைபடும். "ஐயா, அவர் மூன்று மாதம் பொறுத்ததற்கு நாம் ஏதாவது கொடுக்க வேண்டும் என்றால், அடுத்த விலைமனுவில் கடன்விலை ஒன்று, உடன்விலை ஒன்று என்று இரண்டையும் கேட்டு எழுதிக்கொள்வோம். மணலில் கழிக்க விட்டால் நாளைக்கு நாம் இரண்டு பேரும்தான் பதில் சொல்ல வேண்டும்" என்று போங்கள். நேர்மையான முகாமையாளருக்கு இது தப்பிக்க ஒரு வழி. மறுப்பவராக இருந்தால், அவர் காப்பது நன்றிக்கடனை மட்டும்தானா என்ற கேள்விக்கு உங்களுக்குப் பாதிப் பதில் கிடைத்துவிடும்.

ஒன்றைக் கவனித்தீர்களா? "கண்டும் காணாமல் விடுங்கள்" என்பதை அவர் வாயால்தான் சொன்னார். இப்படிப்பட்ட உத்தரவுகள் எப்போதும் வாயால்தான் வரும், கையொப்பம் மட்டும் உங்களுடையதாக இருக்கும். அதனால் பேச்சை எழுத்தாக்குங்கள். பேசிய அன்றே, அலுவலக மின்னஞ்சலில், குற்றச்சாட்டு வாடையே இல்லாமல் இப்படி எழுதலாம்:

"இன்று காலை பேசியதன் தொடர்பாக. விசுவமடுத் தளத்துக்கு இன்று வந்த மணல் லோடைத் தொழில்நுட்ப உத்தியோகத்தருடன் சேர்ந்து அளந்தபோது 2.5 கியூப் இருந்தது. பற்றுச்சீட்டில் 3 கியூப் என்று உள்ளது. 2.5 என்றே பெற்றுக்கொண்டதாகப் பதிகிறேன். வேறுவிதமாகப் பதிய வேண்டுமானால் எழுத்தில் அறியத் தாருங்கள்."

கடைசி வரிதான் முக்கியம். இதற்குப் பெரும்பாலும் எழுத்தில் பதில் வராது. தொலைபேசி வரும், அல்லது "இதெல்லாம் எதற்கு மெயில் போடுகிறீர்கள் பிள்ளை" என்று ஒரு சலிப்பு வரும். அந்தத் தொலைபேசியையும் திகதி, நேரத்தோடு ஒரு கொப்பியில் குறித்து வையுங்கள். அலுவலக ஆவணங்களை உங்கள் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பி வைக்காதீர்கள். அது பெரும்பாலான நிறுவனங்களில் ஒழுக்காற்றுக் குற்றம். உங்களைப் போகச் சொல்ல ஒரு காரணம் தேடுபவருக்கு நீங்களே அதை எடுத்துக் கொடுத்ததாகிவிடும்.

கையொப்பமிட மறுப்பது பெரிய சண்டை. அளந்ததை எழுதிக் கையொப்பமிடுவது சண்டையே அல்ல, அதுதான் உங்கள் வேலை. இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் பாதிப் பாரம் இறங்கும். அளக்க முடியாத நாளில், இரவில் வந்து கொட்டிவிட்டுப் போன லோடுக்கு, "அளக்கப்படவில்லை, சாரதி கூறிய அளவு" என்று சீட்டிலேயே எழுதுங்கள். உங்கள் பெயர் தனியாக நிற்கவும் விடாதீர்கள். களஞ்சியப் பொறுப்பாளரோ தொழில்நுட்ப உத்தியோகத்தரோ கூடவே கையொப்பமிடட்டும். அடுத்த கொள்வனவுக் கட்டளையில் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்: அளவு, தளத்தில், வாகனத்திலேயே மட்டம் செய்து எடுக்கப்படும், கட்டணம் அந்த அளவுக்கே. அதன்பிறகு முதலாளி முறைத்தாலும் "கட்டளையில் அப்படித்தான் இருக்கிறது அண்ணை" என்று சொல்லிவிடலாம். உங்கள் பிடிவாதமாக இருந்தது காகிதத்தின் நிபந்தனையாகிவிடும்.

இனி மோதிரம். சாமத்திய வீட்டில் வைத்துத் திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். சபையில் அப்படிச் செய்வது அவமதிப்பு, உங்கள் அம்மாவும் விட்டிருக்கமாட்டார். அந்த இடத்தை அவர் தெரிந்தே தேர்ந்தெடுத்திருக்கிறார் என்பது என் எண்ணம். கொண்டாட்டத்தில் யாரும் மறுக்க முடியாது என்பது அவருக்குத் தெரியும். ஆனால் சபை கலைந்த பிறகு திருப்பலாம். நீங்கள் தனியாக அவருடைய ஹாட்வெயார் கடைக்குப் போகாதீர்கள். அப்பாவோ மாமாவோ ஒருவர் கூட வரட்டும். "எங்கள் அலுவலக விதி இடம் தராது, நீங்கள் வந்து வாழ்த்தியதே போதும்" என்பதற்கு மேல் ஒரு சொல்லும் வேண்டாம். திருப்பிக் கொடுத்ததற்கு ஒரு சிறு கடிதம், அதில் அவருடைய கையொப்பம். அவர் கையொப்பமிட மறுத்தால், கூட வந்தவரின் கையொப்பம். மறுநாள் முகாமையாளருக்கும் மனிதவளப் பிரிவுக்கும் ஒரே மின்னஞ்சலில் அறிவியுங்கள்.

அரிசி சமைத்து முடிந்திருக்கும். அதன் பெறுமதியைக் குறிப்பிட்டு அதே மின்னஞ்சலில் எழுதிவிடுங்கள், மறைத்ததாக இருக்கக்கூடாது. இனி வந்தால் வாசலிலேயே அனுப்பிவிடுங்கள். சிலர் வந்ததை முதியோர் இல்லத்துக்குக் கொடுத்துவிட்டு மனம் ஆறுவார்கள். அது பிழையான வழி. நீங்கள் வாங்கி, நீங்கள் தானம் செய்திருக்கிறீர்கள், வாங்கியது வாங்கியதுதான். திருப்ப முடியாத பொருளை நிறுவனத்திடம் எழுத்தில் ஒப்படையுங்கள், என்ன செய்வது என்பதை அவர்கள் முடிவு செய்யட்டும். தளத்தில் கொடுக்கும் பிளேன்டீயைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் கேட்டுவிடுகிறேன். வீட்டில் கட்டட வேலை ஏதாவது நடக்கிறதா? அந்த முதலாளியின் கடையில் உங்களுக்கோ வீட்டாருக்கோ கடன்கொப்பி இருக்கிறதா? தம்பி அங்கே வேலை செய்கிறாரா? வீட்டுத்திட்டப் பணத்தில் பாதிச் சுவர் எழும்பி நிற்கும் வீடுகள் நம் பகுதியில் நிறைய உண்டு. முப்பது மூடை சீமெந்தைக் கடனாகத் தருவது மோதிரத்தைவிட நைசாகக் கட்டிப்போடும், அது யார் கண்ணுக்கும் அன்பளிப்பாகத் தெரியாது. அப்படி இருந்தால் ஊர்விலைக்கே பற்றுச்சீட்டோடு தீர்த்துவிடுங்கள். உறவினர் அங்கே வேலை செய்தால் அதையும் எழுத்தில் அறிவித்துவிட்டு, அந்தக் கடையின் விலைமனுக்களை ஒப்பிடும் குழுவிலிருந்து விலகி நில்லுங்கள்.

விலைமனுக்களையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். மூன்று கடைகளின் கடிதத்தலைப்பு இருக்கும். மூன்றிலும் "சல்லி" ஒரே எழுத்துப்பிழையோடு இருக்கிறதா, தோற்ற இரண்டிலும் ஒவ்வொரு பொருளும் வென்றவரைவிடச் சரியாக ஒரே வீதத்தில் கூடியிருக்கிறதா என்று கவனியுங்கள். இருந்தால் மூன்றும் ஒரே மேசையில் எழுதப்பட்டவை. தோற்ற கடைக்கு நீங்களே தொலைபேசி எடுத்து, "இன்ன திகதி விலைமனு அனுப்பினீர்களா" என்று கேட்டாலே பல நேரம் கதை முடிந்துவிடும்.

சட்டத்தையும் தெரிந்திருங்கள். 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம் அந்த ஆண்டு செப்டெம்பர் 15 முதல் நடைமுறையில் இருக்கிறது. முன்பு இலஞ்சம் என்றால் அரச உத்தியோகத்தரின் விடயம் என்றே பலர் நினைத்தார்கள். இந்தச் சட்டம் தனியார் துறையில் வாங்குவதையும் கொடுப்பதையும் குற்றமாக்கியது. "நாங்கள் அரசாங்கம் இல்லைத்தானே" என்று யாராவது சொன்னால் அதை நம்பி இருக்காதீர்கள். தகவல் தருபவரைப் பாதுகாக்கும் ஏற்பாடுகள் அதில் உண்டு. பொய் என்று தெரிந்தே முறையிடுவதும் அதில் குற்றம். ஆகவே அளந்த எண்களோடு போங்கள், ஊகங்களோடு போகாதீர்கள். இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் தொலைபேசி இலக்கம் 1954.

ஆனால் அங்கே ஓடுவதற்கு முன்பு உள்ளே படிகள் இருக்கின்றன. கொழும்புத் தலைமை அலுவலகத்தில் நிதிப் பிரிவு அல்லது உள்ளகக் கணக்காய்வு, அதற்கு மேல் பணிப்பாளர் சபை, வெளியே கொடையாளரின் முறைப்பாட்டு வழி. கொடையாளரோடு செய்த ஒப்பந்தத்தின் இணைப்புகளில் அந்த முகவரி பெரும்பாலும் இருக்கும். முகாமையாளர் எழுத்தில் இரண்டு முறை பதில் தராமல், மீண்டும் மூன்று என்று எழுதச் சொன்னால் நிதிப் பிரிவுக்குப் போங்கள். முகநூலில் போடாதீர்கள், ஊரில் கதைக்காதீர்கள். பரந்தனில் சொன்னது மாலைக்குள் விசுவமடுவுக்குப் போய்விடும், அடுத்த நாள் டிப்பர் நிறைந்தே வரும், நீங்கள் பொய் சொன்னதாக ஆகும்.

வேலை போகுமா என்றால், போகாது என்று உறுதி சொல்ல என்னால் முடியாது. ஆண்டு ஒப்பந்தத்தில் இருப்பவரைப் புதுப்பிக்காமல் விட ஒரு காரணமும் சொல்ல வேண்டியதில்லை, முகாமையாளரும் அதை அறிவார். ஆனால் மறுபக்கமும் உண்டு. கணக்காய்வில் பிடிபட்டால் முகாமையாளர் "எனக்குத் தெரியாது, கையொப்பம் அவருடையது" என்று சொல்லும் நாளில் ஒப்பந்தம் மட்டுமல்ல, அடுத்த நிறுவனத்துக்கு வேண்டிய நற்சான்றிதழும் போய்விடும். வன்னியில் தொண்டு நிறுவன வட்டம் சிறியது.

கடைசியாக அந்த எட்டு லோட். சீட்டுகளைத் திருத்தாதீர்கள், கிழிக்காதீர்கள், பழைய திகதியில் புதியது எழுதாதீர்கள். என்ன வந்தது என்பதை இப்போதும் ஓரளவு கண்டுபிடிக்கலாம், அதற்குச் சீமெந்துதான் சாட்சி. ஐம்பது கிலோ மூடை ஒன்று ஏறக்குறைய ஒன்றேகால் கன அடி. கல்கட்டுக்கும் பூச்சுக்கும் ஒன்றுக்கு ஐந்து கலவை என்றால் மூடைக்கு ஆறேகால் கன அடி மணல் போகும். களஞ்சியப் புத்தகத்தின்படி முந்நூறு மூடை அப்படிப் போயிருந்தால் மணல் 1,875 கன அடி, அதாவது பதினெட்டே முக்கால் கியூப். தளத்தில் கிடக்கும் குவியலை அளந்தால் ஒரு கியூப் தேறுகிறது என்று வையுங்கள். கூட்டினால் இருபதுக்குச் சற்றுக் குறைவு. உங்கள் சீட்டுகள் சொல்வது இருபத்துநான்கு. மழையில் கரைந்தது, சிந்தியது என்று கொஞ்சம் கழித்தாலும் நான்கு கியூப் வெறும் சேதாரமாகாது. கொங்கிறீட்டுக்குப் போன மணலின் கலவை வேறு, அதைத் தனியாகக் கூட்ட வேண்டும். மேசன் உண்மையிலேயே ஐந்து பெட்டிதான் போட்டாரா என்பதையும் கேட்க வேண்டும். அதனால் இந்தக் கணக்கைத் தொழில்நுட்ப உத்தியோகத்தரோடு உட்கார்ந்து செய்யுங்கள்.

கிடைத்த எண்ணை ஒரு பக்கக் குறிப்பாக எழுதி, இன்றைய திகதியிட்டு நிதிப் பிரிவுக்கும் பிரதி வைத்து அனுப்புங்கள்: எட்டு லோடும் அளக்காமல் பெறப்பட்டவை, சாரதி கூறிய அளவே பதியப்பட்டது, பாவனைக் கணக்கின்படி வந்தது இவ்வளவு. இதை அனுப்பும் முன் எட்டில் எத்தனைக்குக் காசோலை போய்விட்டது என்று கணக்காளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இன்னும் போகாதவற்றை அளந்த கணக்குக்குத் திருத்திக் கட்டலாம். போனவற்றுக்கு வரவிருக்கும் பன்னிரண்டு லோடில் கழிக்க முதலாளியிடம் எழுத்தில் கேட்கலாம். வாயால் "பார்ப்போம் தங்கச்சி" என்று சொல்லி அனுப்பினால், கழிவு பற்றுச்சீட்டில் வரும்வரை அடுத்த கொடுப்பனவுக் கோப்பில் நீங்கள் ஒப்பமிட வேண்டிய இடத்தை வெறுமையாகவே விடுங்கள்.